காலை 6.50 டியூட்டி மாற்றம்: எச்.டி.யூ உயர் கவனிப்புப் பிரிவு, காரைக்குடி

(நைட் சிஸ்டர் காலை டியூட்டி சிஸ்டருக்கு பெட் பக்கத்தில் நின்று ஒப்படைத்தது. நோயாளிகள் பெயர் இங்கே எழுதப்படவில்லை; கை பட்டையில் உள்ள பெயரையும் ஐபி நம்பரையும் இருவரும் சேர்ந்து சரிபார்த்தார்கள்.)

நைட்: அக்கா, வாங்க. மொத்தம் 3 பேர் இருக்காங்க. 2-ஆம் பெட் ஆச்சியை முதல்ல சொல்லிடறேன், இப்போ நம்ம கவனம் முழுக்க அவங்க மேலதான் இருக்கணும். 5-ஆம் பெட்ல 6.45-க்கு ஒரு ரத்த டெஸ்ட் வெச்சிருக்கேன், 7.05-க்குப் பார்க்கணும். அதுக்குள்ள இதை முடிச்சிடலாம்.

நிலைமை

2-ஆம் பெட், 74 வயசு. இடது இடுப்பு எலும்பு முறிவுக்கு நேத்து காலைல பந்துக்கிண்ண மூட்டு ஆபரேஷன் முடிஞ்சிருக்கு. ராத்திரி 2 மணியிலருந்து பிபி இறங்கிட்டே வருது, பல்ஸ் ஏறிட்டே வருது, யூரின் குறையுது. ஆபரேஷன் பண்ண இடத்துல வெச்ச டிரெய்ன் குழாயில புது ரத்தம் வருது. உள்ளே ரத்தம் கசியுதோன்னு எனக்குப் பயமா இருக்கு. டியூட்டி டாக்டர் வந்து பார்த்துட்டார், ஆபரேஷன் பண்ண சாருக்கும் சொல்லியாச்சு. சார் 7.30-க்கு வர்றார்.

பின்னணி

கானாடுகாத்தான் வீட்டுல, வளவுல தண்ணி சிந்தியிருந்த ஆத்தங்குடிக் கல்லுல வழுக்கி விழுந்திருக்காங்க. தலையில அடி இல்ல. 15 வருஷமா சுகர், பிபியும் உண்டு. அம்லோடிபின் 5 மில்லிகிராம் எடுக்கறாங்க. விழுந்த அன்னைக்குக் காலை வரைக்கும் ஆஸ்பிரின் 75 சாப்பிட்டிருக்காங்க. இது முதல் நாள் கேஸ் ஷீட்ல இல்ல, ராத்திரி அவங்க மக மாத்திரை டப்பாவைத் திறந்து காட்டினப்பதான் தெரிஞ்சுது. சிவப்பு மையில எழுதி, டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன்.

பென்சிலின் ஆகாது, உடம்பெல்லாம் தடிப்பு வரும். சிவப்புப் பட்டை கட்டியிருக்கு, பாருங்க. எடை 52 கிலோ. ஆபரேஷனுக்கு முன்னாடி ஹீமோகுளோபின் 10.8. ரத்தம் உறையாம இருக்கற எனாக்சபாரின் 40 மில்லிகிராம் ஊசி நேத்து ராத்திரி 10-க்குப் போட்டது. பாராசிட்டமால் டிரிப் 4 மணிக்குக் கொடுத்தேன், அடுத்தது 10-க்கு.

3 மணிக்கு நெத்தியில வேர்த்து, கை நடுங்குச்சு. சுகர் 64. நல்ல நினைவோட இருந்தாங்க, விழுங்கவும் முடிஞ்சுது. அதனால 15 கிராம் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணில கரைச்சு வாயில கொடுத்தேன். 15 நிமிஷம் கழிச்சு 92, 6 மணிக்கு 128.

என் கணிப்பு

அக்கா, இந்த ஷீட்டைக் கொஞ்சம் பக்கத்துல வந்து பாருங்க. ஒவ்வொரு எண்ணையும் தனியாப் பார்த்தா பெரிசாத் தெரியாது, வரிசையாப் பார்க்கணும்.

ராத்திரி 10-க்கு பிபி 136/80, பல்ஸ் 84, மூச்சு 16. 2 மணிக்கு 122/74, 96, 18. 6 மணிக்கு 104/64, 112, 22. சாச்சுரேஷன் 98-லருந்து 95 ஆயிடுச்சு. காய்ச்சல் இல்ல, 99.2 தான்.

யூரின் நடு ராத்திரி வரைக்கும் மணிக்கு 45 மில்லி வந்துச்சு. 4-லருந்து 5 வரைக்கும் 20. 5-லருந்து 6 வரைக்கும் 15. 52 கிலோவுக்கு மணிக்கு 26-ஆவது வரணும். கேதிட்டர் மடங்கலை, அடைச்சிருக்கான்னும் பார்த்தேன், அடைப்பு இல்ல. டிரெய்ன் 4 மணி வரைக்கும் மொத்தம் 260, 6 மணிக்கு 410. கடைசி 2 மணி நேரத்துல மட்டும் 150. பழைய ரத்தம் மாதிரி கறுப்பா இல்ல, நல்ல சிவப்பு. கட்டுல நனைஞ்ச இடத்தைச் சுத்தி பேனாவால கோடு போட்டு மணி எழுதியிருக்கேன். 5.30 கோட்டுக்கும் 6.30 கோட்டுக்கும் நடுவுல 2 விரல் அளவு பரவியிருக்கு.

வேர்வை சுகராலதான்னு விட்டுட முடியாது. சுகர் சரியான பிறகும் கை ஜில்லுன்னுதான் இருக்கு. கால் விரல்ல உணர்ச்சி இருக்கு, பாதத்துல நாடி கிடைக்குது. பேச்சுத் தெளிவா இருக்கு, ஆனா 5 மணிக்கப்புறம் கேட்டாத்தான் பேசறாங்க.

செய்ய வேண்டியது

டாக்டர் 6.25-க்கு வந்து சொன்னது: ரிங்கர் லாக்டேட் 500 மில்லி வேகமா. 6.30-க்குப் போட்டேன், இன்னும் கால் பாகம் இருக்கு. மூக்குல 2 லிட்டர் ஆக்சிஜன் ஓடுது. இடது கையில இருந்தது 20 கேஜ் சின்ன ஊசி, அதனால வலது முன்கையில 18 கேஜ் பெரிய ஊசி போட்டாச்சு. ஹீமோகுளோபினுக்கும் 2 யூனிட் ரத்தப் பொருத்தம் பார்க்கவும் 6.40-க்கு அனுப்பினேன். லேப்ல வாங்கிக்கிட்டவரோட பேரு ஷீட்ல இருக்கு. ரிப்போர்ட் வர்றவரைக்கும் காத்திருக்காம 7.10-க்கு நீங்களே போன் பண்ணுங்க.

எனாக்சபாரின் நிறுத்தியாச்சு. காலை அம்லோடிபின் கொடுக்கவே வேண்டாம். வலிக்கு டைக்ளோபினாக் கேட்டாலும் கூடாது, யூரின் இவ்வளவு குறைஞ்சிருக்கு. பிபியும் பல்ஸும் 15 நிமிஷத்துக்கு ஒருக்கா, அடுத்தது 7.00. யூரின், டிரெய்ன் மணிக்கு ஒருக்கா. சுகர் 8-க்கு. மேல் பிபி 100-க்குக் கீழ போனாலோ, பல்ஸ் 120 தாண்டினாலோ, டிரெய்ன் ஒரு மணி நேரத்துல 100 வந்தாலோ, தூக்கக் கலக்கம் வந்தாலோ, 7.30 வரைக்கும் பொறுக்க வேண்டாம், உடனே கூப்பிடச் சொல்லியிருக்கார்.

வாயில எதுவும் கொடுக்கக் கூடாது, மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டி வரலாம். மக வீட்டுலருந்து கவுனி அரிசி கொண்டு வர்றேன்னு சொன்னாங்க. ஆச்சிக்கு உசிரு அது. ஏன் இப்போ கூடாதுன்னு பொறுமையாச் சொல்லியிருக்கேன், புரிஞ்சுகிட்டாங்க. ஆனா 8 மணிக்கு வேற உறவுக்காரங்க வருவாங்க, அவங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ரத்தம் ஏத்த மக கையெழுத்துப் போட்டாச்சு. சிங்கப்பூர்ல இருக்கற மகனுக்கு அவங்களே போன்ல சொல்லிட்டாங்க.

திருப்பிப் படுக்க வைக்கும்போது ரெண்டு காலுக்கும் நடுவுல தலையணை இருக்கட்டும். இடது கால் குறுக்கே போயிடக் கூடாது.

காலை: சரி, நான் திருப்பிச் சொல்றேன். 2-ஆம் பெட், இடுப்பு ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள், ரத்தக் கசிவு சந்தேகம். பென்சிலின் ஆகாது. எனாக்சபாரின், அம்லோடிபின், டைக்ளோபினாக் மூணும் இல்ல. வாய்வழி ஒண்ணும் இல்ல. 7.00 பிபி, 7.10 லேப், 7.30 சார். 100, 120, டிரெய்ன் 100, கலக்கம்: இதுல எது வந்தாலும் உடனே போன். ஆஸ்பிரின் விஷயம் சாருக்குத் தெரியுமா?

நைட்: டியூட்டி டாக்டருக்குச் சொன்னேன். சார்கிட்ட அவர் சொன்னாரான்னு நான் கேட்கலை.

காலை: அப்போ நானே சார்கிட்ட நேரா சொல்றேன். அடுத்தது?

நைட்: 5-ஆம் பெட், 41 வயசு, காளையார்கோயில் பக்கம் வயல்ல கண்ணாடி விரியன் கடி, வலது கணுக்கால். நேத்து ராத்திரி 11-க்கு வந்தார். அப்போ ரத்தம் உறையலை. விஷமுறிவு மருந்து 10 குப்பி, 12.45-க்கு முடிஞ்சுது. அலர்ஜி எதுவும் வரலை. வீக்கம் முழங்காலுக்குக் கீழதான், கோடு போட்டிருக்கு. யூரின் மணிக்கு 50, நிறம் சரி. 6 மணி நேரம் முடிஞ்சதால 6.45-க்கு 2 மில்லி ரத்தம் புதுக் கண்ணாடி டியூப்ல எடுத்து அந்த ஸ்டாண்டுல வெச்சிருக்கேன். 7.05 வரைக்கும் யாரும் தொடக் கூடாது. அப்புறம் ஒரே ஒரு தடவை சாய்ச்சுப் பாருங்க. உறையலைன்னா இன்னொரு 10 குப்பின்னு டாக்டர் எழுதியிருக்கார், மருந்து ஃபிரிட்ஜ்ல இருக்கு. கடிவாயில ஊசி எதுவும் போட வேண்டாம்.

4-ஆம் பெட் டெங்கு, 28 வயசு. பிளேட்லெட் 62 ஆயிரத்துலருந்து 70 ஆயிரம். ரத்தம் எங்கேயும் வரலை, நல்லா சாப்பிடறார். சார் ரவுண்ட்ஸ்ல வார்டுக்கு மாத்தலாம்.

மருந்து பீரோ சாவி இது. டிராமடால் 6 ஆம்பூல், எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க.

காலை: 6 சரி. மணி 6.58. நான் ஆச்சிக்கு பிபி கட்டறேன், நீ டிரெய்ன் அளவைப் படிச்சுச் சொல்லிட்டுக் கிளம்பு.