நங்கநல்லூர், இரண்டாம் தளம், இரண்டு படுக்கையறை

வணக்கம். லிஃப்ட் கிடையாது, படியேறித்தான் வர வேண்டும். விற்பனைப் பரப்பு 870 சதுர அடி என்றாலும், சுவருக்குள் புழங்கும் இடம் சுமார் 690தான்.

இது கூடம். ஜன்னல் கிழக்கே இருப்பதால் காலை பத்து மணி வரை நல்ல வெயில் விழும். மதியத்துக்குமேல் வெளிச்சம் சுமார்தான்.

சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், கை நீட்டினால் தொட்டுவிடலாம். பகலிலும் விளக்கு வேண்டும். மேடை கடப்பாக் கல், தொட்டியோரம் சற்றே உடைந்திருக்கிறது.

பெரிய படுக்கையறை மேற்கு பார்த்தது. சித்திரை மாலையில் சுவரே சுடும். ஏசி இல்லாமல் கஷ்டம். சின்ன அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை போடலாம். குளியலறையை ஒட்டிய சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது, பாருங்கள். வண்ணம் பூசி மறைக்கவில்லை.

போர் தண்ணீர் உப்பு. தெரு குறுகல், கார் நிறுத்த இடமில்லை. பழவந்தாங்கல் ரயில் நிலையம் நடக்கும் தூரம், ஆஞ்சநேயர் கோயிலும் அருகில்தான். விமான நிலையம் பக்கம் என்பதால் சத்தம் கேட்கும். அடுத்த முறை இரவில் வந்து பாருங்கள்.