பாறு கழுகு: பள்ளி வானொலிக்கான உரை

(தொடக்க இசை. ஐந்து விநாடிக்குப் பிறகு மெல்லத் தணிகிறது.)

கயல்விழி: எல்லோருக்கும் வணக்கம். நான் ஒன்பதாம் வகுப்பு கயல்விழி.

அன்பு: நான் ஏழாம் வகுப்பு அன்பு. செப்டம்பர் மாத முதல் சனிக்கிழமை, பாறு கழுகுகளுக்கான உலக விழிப்புணர்வு நாள். அதனால் இன்று அவற்றைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

கயல்விழி: பாறு என்றால் பலருக்குத் தெரியாது. பிணந்தின்னிக் கழுகு என்றால் உடனே தெரியும்.

அன்பு: அந்தப் பேரைக் கேட்டாலே ஒரு மாதிரி இருக்கிறது, அக்கா. தலையும் கழுத்தும் மொட்டையாக வேறு இருக்கும்.

கயல்விழி: அந்த மொட்டைக் கழுத்துக்குக் காரணம் இருக்கிறது, தம்பி. செத்த மாட்டின் வயிற்றுக்குள் தலையை விட்டுச் சாப்பிடுகிற பறவை அது. கழுத்து நிறைய இறகு இருந்தால் இரத்தமும் சதையும் ஒட்டிக் காய்ந்து நாறும். மெல்லிய தூவி மட்டும் இருப்பதால் சீக்கிரம் சுத்தமாகிவிடும்.

அன்பு: அழுகிய கறியைத் தின்றால் அதற்கு நோய் வராதா?

கயல்விழி: அதன் வயிற்று அமிலம் அவ்வளவு கடுமையானது. ஆந்த்ராக்ஸ் வந்து இறந்த விலங்கைக்கூடத் தின்று செரித்துவிடும். கூட்டமாக இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் அங்கே எலும்புதான் மிஞ்சும். ஈ மொய்க்க நேரமில்லை, அழுகல் நீரில் கலக்க நேரமில்லை.

(சிறகடிக்கும் ஒலி, மூன்று விநாடி.)

அன்பு: சரி, அவை இல்லாமல் போனால்?

கயல்விழி: போய்ப் பார்த்தாயிற்று! இந்தியாவில் 1990களில் பாறுகள் மளமளவெனக் குறைந்தன. செத்த மாடுகள் வெளியில் கிடந்து அழுகின. அவற்றைத் தின்று தெருநாய்கள் பெருகின. நாய் பெருகினால் கடியும் பெருகும், வெறிநோயும் கூடவே வரும்.

அன்பு: எவ்வளவு குறைந்தன, அக்கா?

கயல்விழி: வெண்முதுகுப் பாறு என்று ஒரு இனம். ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் இருந்தது. 15 ஆண்டுகளில் 100க்கு 99க்கும் மேல் போய்விட்டது. ஏனென்று முதலில் யாருக்கும் புரியவில்லை. கிளையில் உட்கார்ந்தபடியே தலை தொங்கிப்போகும், அப்புறம் கீழே விழுந்து இறந்துகிடக்கும். அறுத்துப் பார்த்தால் இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் படலம்.

அன்பு: சுண்ணாம்பா? அது எப்படி உள்ளே வந்தது?

கயல்விழி: அது யூரிக் அமிலம். சிறுநீரகம் கெட்டுப்போனதால் வெளியேற முடியாமல் உள்ளேயே படிந்துவிட்டது. சிறுநீரகத்தைக் கெடுத்தது டைக்ளோஃபெனாக் என்கிற வலி மருந்து. நொண்டுகிற மாட்டுக்கு வலி தெரியாமல் இருக்க அந்த ஊசி போடுவார்கள். மாடு சில நாளில் இறந்தால் மருந்து அதன் உடலிலேயே இருக்கும். பாகிஸ்தானில் நடந்த ஆய்வு இதைக் கண்டுபிடித்து 2004இல் உலகுக்குச் சொன்னது.

அன்பு: ஆனால் எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டிருக்க மாட்டார்களே?

கயல்விழி: நல்ல கேள்வி. 100 மாட்டில் ஒரு மாட்டின் உடலில் மருந்து இருந்தால்கூடப் போதும். ஒரே மாட்டை எத்தனையோ பாறுகள் ஒன்றாக உட்கார்ந்து தின்னும் இல்லையா? நம் குப்பையை அள்ளுகிறவர்கள் சாப்பாட்டில் நாமே விஷத்தைக் கலந்து வைத்ததுபோல ஆகிவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை, ஆனாலும் மனம் கேட்கவில்லை.

அன்பு: இப்போதும் அந்த மருந்து இருக்கிறதா, அக்கா?

கயல்விழி: மாடுகளுக்கு அதைப் போடக்கூடாது என்று இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் 2006இல் தடை போட்டன. மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து இருக்கிறது. அது மாட்டின் வலியையும் போக்கும், பாறுவையும் கொல்லாது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டும் பாறுவுக்கு ஆபத்து என்பதால் 2023இல் இந்தியா அவற்றையும் கால்நடைக்குத் தடை செய்தது.

அன்பு: அப்படியென்றால் மற்ற நாடுகளில் பாறுகள் நன்றாக இருக்கின்றனவா?

கயல்விழி: ஆப்பிரிக்காவில் நடப்பது இன்னும் கொடுமை. தந்தத்துக்காக யானையைக் கொல்கிறவர்கள் அதன் உடலில் விஷம் வைக்கிறார்கள். வானத்தில் பாறுகள் வட்டமிட்டால் வனக்காவலர்களுக்கு இடம் தெரிந்துவிடும் அல்லவா? அதற்காகத்தான். 2019இல் போட்ஸ்வானாவில் மூன்று யானை உடல்களில் வைத்த விஷத்தால் 500க்கும் மேற்பட்ட பாறுகள் ஒரே சம்பவத்தில் இறந்தன.

அன்பு: 500ஆ! அத்தனையும் திரும்பப் பிறக்க எவ்வளவு நாளாகும்?

கயல்விழி: பெரும்பாலான பாறுகள் ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும், தம்பி. அதில் வரும் குஞ்சு பறந்து, வளர்ந்து, தானும் கூடு கட்ட ஐந்து ஆண்டுகள் ஆகும். இந்த ஆண்டு ஒரு குஞ்சு பொரிந்திருந்தால், அது முதல் முட்டை இடும்போது நீ பள்ளியை முடித்திருப்பாய்.

(சிறகடிக்கும் ஒலி மீண்டும். நிறைவு இசை.)