சிறப்பியல்பு நீளத்தால் போன மதிப்பெண் குறித்துப் பேராசிரியருக்கு ஒரு கடிதம்

14.10.2025

அனுப்புநர்
செ. கயல்விழி,
மூன்றாம் ஆண்டு, இயந்திரப் பொறியியல் (தமிழ் வழி),
வருகைப்பதிவு எண் 27.

பெறுநர்
வெப்பப் பரிமாற்றப் பாடப் பேராசிரியர் அவர்கள்,
இயந்திரப் பொறியியல் துறை.

பொருள்: இரண்டாம் அகமதிப்பீட்டுத் தேர்வு, 12(அ) வினாவில் மதிப்பெண் குறைந்ததற்கான காரணம் அறிய வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். நேற்று திருத்திய விடைத்தாள்களைத் தாங்கள் கொடுத்தபோது, 12(அ) வினாவுக்கு எனக்கு 13-க்கு 4 கிடைத்திருப்பதைப் பார்த்தேன். நான் எழுதிய L = 1 m என்ற வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் ‘A/P?’ என்று குறித்திருக்கிறீர்கள். அதற்குக் கீழே உள்ள கணக்கு முழுவதும் ஒரே கோட்டில் அடிக்கப்பட்டிருக்கிறது. வகுப்பிலேயே எழுந்து கேட்டிருக்கலாம். ஆனால் என் தவறு எது, எதுவரை என்பது அப்போது எனக்கே தெரியவில்லை. இரவு உட்கார்ந்து மறுபடி போட்டுப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

கணக்கு இதுதான்: 1 m நீளமும் 0.6 m அகலமும் உள்ள தகடு 130°C வெப்பநிலையில் கிடையாக, 30°C காற்றில் தொங்குகிறது. மேல், கீழ் இரு பரப்புகளிலிருந்தும் இயற்கை வெப்பச்சலனத்தால் இழக்கப்படும் வெப்பம் எவ்வளவு? சராசரி வெப்பநிலை 80°C என்று எடுத்து, காற்றின் பண்புகளைத் தரவு நூலிலிருந்து சரியாகவே எழுதியிருந்தேன். அதற்கான 3 மதிப்பெண்ணும், சமன்பாடுகளைத் தேர்ந்ததற்கு 1 மதிப்பெண்ணும்தான் அந்த 4 என்று நினைக்கிறேன்.

நீளத்தில் சறுக்கியது எப்படி என்று எனக்கே தெரிகிறது. அதற்கு முந்தைய வாரம் முழுவதும் செங்குத்துத் தகட்டுக் கணக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தோம். அங்கே உயரம்தான் L. அதற்கு முன்பு படித்த வலிந்த வெப்பச்சலனத்தில் காற்று ஓடும் திசையிலுள்ள நீளம் L. அந்தப் பழக்கத்தில், தகட்டைக் கிடத்திய பிறகும் நீளமான பக்கத்தையே கை எழுதிவிட்டது. கிடைத் தகட்டுக்குப் பரப்பைச் சுற்றளவால் வகுத்து, A/P என்று எடுத்திருந்தால் 0.6/3.2, அதாவது 0.1875 m.

இனிதான் என் குழப்பம். தாங்கள் சொன்ன நீளத்தைப் போட்டு மேற்பரப்பைக் கணக்கிட்டேன்:

```
L = 0.1875 m : Ra = 2.85 × 10^7
Nu = 0.15 Ra^(1/3) = 45.8    h = 7.45 W/m²K

L = 1 m      : Ra = 4.32 × 10^9
Nu = 0.15 Ra^(1/3) = 244.4   h = 7.45 W/m²K
```

ராலே எண் Ra நூற்றைம்பது மடங்கு மாறியும் வெப்பப் பரிமாற்றக் கெழு h அசையவில்லை. முதலில் கால்குலேட்டரைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு புரிந்தது: ராலே எண்ணில் L மூன்றாம் அடுக்கில் இருக்கிறது. அதற்கு மூன்றிலொரு அடுக்கு எடுத்தால் ஒரே ஒரு L மிஞ்சும். h கண்டுபிடிக்க நசெல்ட் எண்ணை L ஆல் வகுக்கும்போது அதுவும் போய்விடுகிறது. ஆக, மேற்பரப்பில் நான் எழுதிய 447 W சரியான விடையேதான்.

கீழ்ப்பரப்பில் அப்படித் தப்பிக்க முடியவில்லை. Nu = 0.27 Ra^(1/4) என்பதில் கால் அடுக்கு இருப்பதால் நீளம் எஞ்சி நிற்கிறது. எனக்கு h = 2.11 வந்தது, வர வேண்டியது 3.21. அதனால் 192.6 W என்று வந்திருக்க வேண்டிய இடத்தில் 126.6 W எழுதியிருக்கிறேன். மொத்தம் 639.6 W, நான் எழுதியது 573.6 W.

மேற்பரப்பு விடை சரியாக வந்ததில் என் திறமை எதுவும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தகடு 0.3 m × 0.2 m என்று சிறியதாக இருந்திருந்தால் A/P-யின்படி ராலே எண் 10^7-க்குக் கீழே இறங்கி, 0.54 Ra^(1/4) என்ற சமன்பாட்டுக்குப் போயிருக்கும், h = 8.53 வரும். நானோ நீளமான பக்கத்தை வைத்துக்கொண்டு அப்போதும் 7.45 என்றுதான் எழுதியிருப்பேன்.

நேற்றுவரை A/P என்பது எனக்கு மனப்பாடம் செய்யவேண்டிய இன்னொரு வாய்பாடு, அவ்வளவுதான். வீட்டில் அம்மா தோசை சுட்டு அடுப்பை அணைத்த பிறகு, சூடாக இருந்த கல்லின் விளிம்பருகே ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தேன். (சாமி ஊதுபத்தியை அடுப்பில் காட்டியதற்குத் திட்டு வாங்கியது தனிக் கதை.) புகை நேராக மேலே போகாமல் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சாய்ந்து, அங்கிருந்துதான் எழுந்தது. குளிர்ந்த காற்று எல்லாப் பக்க விளிம்புகளிலிருந்தும் உள்ளே வருகிறது என்றால், அது நுழையும் வாசல் சுற்றளவு முழுவதும்தான். கீழ்ப்பரப்பில் சூடான காற்று தகட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டு, விளிம்பைத் தேடிப் போய்த்தான் மேலே ஏற முடியும். இரண்டிலும் நீளமான பக்கத்துக்குத் தனிச் சிறப்பு இல்லை. இந்தப் புரிதல் சரிதானா என்று தாங்கள் சொல்ல வேண்டும்.

இன்னொரு ஐயமும் இருக்கிறது. நூலகத்திலுள்ள பழைய பாடநூல் ஒன்றில் செவ்வகத் தகட்டுக்கு இரு பக்கங்களின் சராசரி என்று இருக்கிறது, அப்படியானால் 0.8 m. சீனியர்கள் கொடுத்த தீர்வுத் தாள்களில் அகலத்தில் பாதி, அதாவது 0.3 m. நீளம் அகலத்தைவிட மிக அதிகமாக இருந்தால் A/P தானாகவே W/2 ஆகிவிடுவதைப் போட்டுப் பார்த்தேன், அதனால் நீண்ட பட்டைகளுக்கு அது பொருந்தும் என்று தோன்றுகிறது. ஆனால் நம் கணக்கிலுள்ள தகடு அவ்வளவு நீளமில்லை. பருவத் தேர்வில் எந்த நீளத்தை எழுதினால் ஏற்றுக்கொள்வார்கள்?

மதிப்பெண்ணுக்காக எழுதவில்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. நீளம் தவறு என்பதற்கு மதிப்பெண் குறைவதில் எனக்கு வருத்தமில்லை. ராலே எண்ணுக்கும் கீழ்ப்பரப்புக்கும் குறைத்தது நியாயம்தான். மேற்பரப்புக்கான h-ம் அதன் வெப்ப இழப்பும் சரியாக இருந்தும் அடிக்கப்பட்டது, தவறான நீளத்திலிருந்து வந்த விடை என்பதாலா, அல்லது கோடு போடும்போது அதுவும் சேர்ந்துவிட்டதா என்பதை மட்டும் அறிய விரும்புகிறேன். முதல் காரணம் என்றால் அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஒரே தவறு அடுத்தடுத்த படிகளில் தொடரும்போது எத்தனை முறை மதிப்பெண் குறைக்கப்படும் என்பதையும் சொன்னால், அடுத்த தேர்வில் எந்தப் படியை இருமுறை சரிபார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்வேன்.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் தங்களுக்கு நேரம் இருந்தால் விடைத்தாளோடு துறை அறைக்கு வருகிறேன். அன்று முடியாவிட்டால் தீபாவளி விடுமுறை முடிந்து தாங்கள் சொல்லும் நாளில் வருகிறேன். மறுபடி போட்ட கணக்கை இத்துடன் இரண்டு பக்கங்களில் இணைத்திருக்கிறேன்.

நன்றி அம்மா.

தங்கள் மாணவி,
செ. கயல்விழி