முகப்புப் பக்கத்தில் தானாக ஓடும் பேனர்: ஆய்வறிக்கை

பெறுநர்: செயலாளர், ஏலக்காய்ச் சிறு விவசாயிகள் சங்கம், அணைக்கரை.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

சங்கத்தின் இணையதள முகப்பில் தானாக நகரும் பேனரைப் பார்வையிட்டு, அது உறுப்பினர்களுக்கு எவ்வளவு பயன்படுகிறது என்று எழுத்தில் தரும்படி கேட்டிருந்தீர்கள். ஓணத்தை முன்னிட்டுச் சரக்கு எடுக்கும் நாள் புதனிலிருந்து திங்களுக்கு மாற்றப்பட்டதும், அந்த அறிவிப்பு பத்து நாட்கள் முகப்பிலேயே இருந்தும், புதன்கிழமை காலையில் மூட்டைகளோடு ஜீப்பில் வந்து பூட்டிய ஷட்டரைப் பார்த்துத் திரும்பியவர்கள் இருந்ததும்தான் இந்த ஆய்வுக்குக் காரணம். அவர்கள் கவனக்குறைவாக இருந்துவிட்டார்கள் என்ற பேச்சு நிர்வாகக் குழுவில் எழுந்ததாக அறிந்தேன். அவர்கள் மேல் தவறில்லை என்பதே என் முடிவு. அதற்கான காரணங்களைக் கீழே தருகிறேன்.

பேனரில் ஐந்து ஸ்லைடுகள் உள்ளன. முதலாவது சங்கத்தின் ஆண்டு விழாப் படம்; இரண்டாவது உர மானியம்; மூன்றாவது சரக்கு எடுக்கும் நாள் மாற்றம்; நான்காவது அழுகல் நோய் குறித்த மழைக்கால எச்சரிக்கை; ஐந்தாவது செல்போன் செயலியை இறக்கிக்கொள்ளும் அழைப்பு. ஒவ்வொன்றும் நான்கு வினாடிகள் நிற்கிறது. ஆகவே நாள் மாற்ற அறிவிப்பு, பக்கம் திறந்த எட்டாவது வினாடியில் வந்து பன்னிரண்டாவது வினாடியில் போய்விடுகிறது; அதைத் தவறவிட்டவர் மறுபடி காண இன்னும் பதினாறு வினாடிகள் காத்திருக்க வேண்டும். காத்திருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்வதுமில்லை.

மூன்றாவது ஸ்லைடில் முப்பத்தொரு சொற்கள் உள்ளன. நான் நிதானமாக, வாய்விட்டுப் படித்தபோது பதினான்கு வினாடிகள் ஆயின. எழுத்து முழுவதும் படத்துக்குள்ளேயே பதிக்கப்பட்டிருப்பதால் செல்போன் திரையில் படத்தோடு சேர்ந்து சுருங்கிவிடுகிறது. போதாததற்கு, ஏலச் செடியின் பச்சை இலை மேல் மஞ்சள் எழுத்து.

சக்குப்பள்ளத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில், ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் ஓர் அம்மாவிடம் அவருடைய செல்போனிலேயே முகப்பைத் திறந்து, "இந்த வாரம் சரக்கு எந்த நாள் எடுக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டேன். அவர் போனைக் கை நீட்டித் தூரப் பிடித்துக்கொண்டு, திரையை ஒரு தடவை மேலே தள்ளி, விலைப் பட்டியலைப் பார்த்துவிட்டு, மறுபடி மேலே வந்தார். அப்போது மூன்றாவது ஸ்லைடு வந்தது. "ஓண விடுமுறையை முன்னிட்டு நம் சங்க உறுப்பினர்கள்" என்பது வரை விரலை வைத்துப் படித்தார், படம் நகர்ந்தது. "அட, போயிருச்சே" என்றார். திரும்ப வந்தபோது விட்ட இடத்திலிருந்து அல்ல, முதல் சொல்லிலிருந்தே தொடங்கினார். திரும்பவும் அதே இடத்தில் அது போயிற்று. "திங்கள்" என்ற சொல் அந்த வாக்கியத்தின் கடைசியில் இருக்கிறது. மூன்றாவது சுற்றில் அவர், படத்தை நிறுத்துவதற்காக, கீழேயிருந்த சிறு புள்ளிகளில் ஒன்றைத் தொட முயன்றார். விரல் ஐந்தாவது ஸ்லைடின் மேல் பட்டு, செயலி இறக்கும் பக்கம் திறந்துகொண்டது. "எதையோ இறக்கச் சொல்லுது தம்பி, நீயே பாரு" என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

இதே கேள்வியை மேலும் ஆறு பேரிடம் கேட்டேன். ஏழு பேரில் இரண்டு பேர்தான் திங்கள் என்று சொன்னார்கள். அவர்களில் ஒருவர் பக்கத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, ஜீப் டிரைவர் முன்பே சொல்லியிருந்தாராம். மீதி ஐந்து பேரில் மூன்று பேர் பேனரை நின்றுகூடப் பார்க்கவில்லை. நேராகக் கீழே போய் விலையைப் பார்த்தார்கள். பெரிய, வண்ணமயமான, நகர்கிற எதையும் விளம்பரம் என்று எண்ணிக் கண் தாண்டிப் போவது நம் உறுப்பினர்களுக்கு மட்டும் உரிய பழக்கமல்ல. 1998-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்வேயும் லேனும் இதற்கு 'பேனர் குருடு' என்றே பெயர் வைத்தார்கள்: தேடிய தகவல் பேனரில் பளிச்சென்று இருந்தும் பயனர்கள் அதைக் காணாமல் போனதை அவர்கள் சோதனையில் பார்த்தார்கள். 2013-இல் நோட்டர்டாம் பல்கலைக்கழகத்தின் வலைத்தளப் பொறுப்பாளர் ஒருவர் தம் முகப்புப் பேனரின் கணக்கை வெளியிட்டபோது, வந்தவர்களில் சுமார் நூற்றுக்கு ஒருவர்தான் பேனரைச் சொடுக்கியிருந்தார். அந்தச் சொடுக்குகளிலும் 84 விழுக்காடு முதல் ஸ்லைடுக்கே போயிருந்தன. நம் முதல் ஸ்லைடில் இருப்பது ஆண்டு விழாப் படம்.

அடுத்தது, நிறுத்தும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளங்களை அமைப்பதற்கான வலை உள்ளடக்க அணுகல் நெறிமுறையின் 2.2.2 எண் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது: தானாகவே தொடங்கி, ஐந்து வினாடிகளுக்கு மேல் நீடித்து, மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து காட்டப்படும் எந்த அசைவையும் இடைநிறுத்தவோ, நிறுத்தவோ, மறைக்கவோ பயனருக்கு வழி இருக்க வேண்டும். இது அந்த நெறிமுறையின் அடிப்படைப் படிநிலையான 'ஏ' நிலையைச் சேர்ந்தது. ஒரு ஸ்லைடு நான்கே வினாடிகள்தானே நிற்கிறது என்று இதில் தப்ப முடியாது, ஏனெனில் பேனரின் ஓட்டம் முடிவதே இல்லை. நம் பேனரில் நிறுத்தும் பொத்தான் கிடையாது. மவுஸை மேலே வைத்தால் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஆனால் செல்போனில் மவுஸ் ஏது? அலுவலகக் கம்ப்யூட்டரில் சோதித்தவர்களுக்கு எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கும். உறுப்பினர்களோ தோட்டத்திலிருந்தும் ஜீப்பிலிருந்தும் செல்போனில்தான் பார்க்கிறார்கள்.

அதைவிடத் தொல்லை தருவது, விரலால் தள்ளி ஒரு ஸ்லைடுக்கு வந்த பிறகும் நான்கு வினாடிகளில் ஓட்டம் மீண்டும் தொடங்கிவிடுவது. ஒருவர் கையால் தள்ளி ஓரிடத்துக்கு வந்தார் என்றால் அதைப் படிக்க வந்திருக்கிறார் என்று பொருள். அவர் கண் முன்னாலேயே அதைப் பிடுங்குவது மரியாதையல்ல. தளத்தின் நிரலில் இதற்குக் காரணமான வரிகள் இவை:

```js
autoplay: {
  delay: 4000,
  disableOnInteraction: false,
  pauseOnMouseEnter: true
}
```

நடு வரியில் `false` என்று எழுதியதால்தான் பயனர் தொட்ட பிறகும் ஓட்டம் ஓய்வதில்லை. அங்கே `true` என்று எழுதியிருந்தால், விரல் பட்டதும் ஓட்டம் நின்றிருக்கும். இப்படி வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

பார்வை குறைந்தவர்கள் பயன்படுத்தும் டாக்பேக் வசதியை இயக்கி நானே கேட்டுப் பார்த்தேன். மூன்றாவது ஸ்லைடுக்கு வந்தபோது என் காதில் விழுந்தது `banner3_final` என்ற கோப்புப் பெயர் மட்டுமே. நாள் மாற்றம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. படத்துக்குள் எழுத்தைப் பதித்து, அதற்குப் பதிலாக வாசிக்கப்படும் மாற்று உரையும் தராமல் விட்டால், அந்த உறுப்பினரைப் பொறுத்தவரை அறிவிப்பே வெளியாகவில்லை.

இன்னொரு குறை, பேனருக்கு வெளியே நிகழ்கிறது. ஐந்து படங்களும் ஒரே உயரத்தில் இல்லாததால் ஸ்லைடு மாறும்போதெல்லாம் கீழே உள்ள பகுதி ஏறி இறங்குகிறது. 'இன்றைய விலை' இணைப்பைத் தொடப் போகும் நேரத்தில் அது நழுவி, 'தொடர்புக்கு' என்பது விரலுக்கடியில் வந்து நிற்கிறது. ஐந்து படங்களும் சேர்ந்து ஆறு எம்.பி.க்கு மேல் இருப்பதால், கம்பம்மெட்டு ஏற்றத்தில் சிக்னல் ஒரு கோடாகத் தேயும்போது விலைப் பட்டியல் வந்து சேர்வதற்கு முன் ஆண்டு விழாப் படம் வந்து சேர்கிறது.

என் பரிந்துரைகளுக்கு வருகிறேன். பேனரை எடுத்துவிட வேண்டும் என்பதே முதற்கருத்து. அந்த இடத்தில், புத்தடியிலும் போடியிலும் நடந்த கடைசி ஏலத்தின் சராசரி விலையும், அதற்கு மேலே அசையாத ஒற்றை அறிவிப்பு வரியும் இருந்தால் போதும். வரியில் முக்கியமான சொல் முதலில் வரட்டும்: "திங்கள்கிழமை சரக்கு எடுக்கப்படும், புதன்கிழமை எடுப்பு இல்லை." ஓணம் என்ற காரணத்தை அதற்குப் பிறகு சொல்லலாம். இதையே மலையாளத்திலும் அடுத்த வரியாக, படமாக அல்லாமல் எழுத்தாகவே தர வேண்டும். தமிழ் படிக்கத் தெரியாத உறுப்பினர்களும் இருக்கிறார்கள். அழுகல் நோய் எச்சரிக்கை மழைக்காலம் முழுவதும் தேவைப்படுவது, ஆகவே அதற்குத் தனிப் பக்கமும் முகப்பில் நிலையான ஓர் இணைப்பும் வேண்டும். உர மானியத்துக்கும் அப்படியே. செயலி அழைப்பு அடிப்பகுதிக்குப் போகலாம்.

ஆண்டு விழாப் படத்தின் மேல் குழுவுக்கு உள்ள பற்றை நான் அறிவேன். அது மேடையில் எடுத்த நல்ல படம். அதற்காகப் பேனர் இருந்தே தீர வேண்டும் என்று குழு முடிவு செய்தால், அது தானாக ஓடக் கூடாது. `autoplay: false` என்று ஆக்கிவிட்டு, முன், பின் செல்லும் பொத்தான்களைக் கட்டைவிரல் தவறாமல் படும் அளவுக்குப் பெரிதாக வைக்க வேண்டும். நெறிமுறையின் 2.2 பதிப்பு குறைந்தது 24 பிக்சல் கேட்கிறது. நம் உறுப்பினர்களின் காய்த்த விரல்களுக்கு 44 வைப்பதே முறை. இப்போதுள்ள புள்ளிகள் 8 பிக்சல். படங்கள் எல்லாம் ஒரே உயரமாகவும், எழுத்துகள் படத்துக்கு வெளியேயும் இருக்கட்டும். நாள் மாற்றம், விலை, நோய் ஆகிய மூன்றையும் எக்காரணம் கொண்டும் பேனருக்குள் வைக்க வேண்டாம்.

ஒவ்வொரு ஸ்லைடையும் எட்டு வினாடிகளாக்கினால் போதாதா என்று உங்கள் தொலைபேசி உரையாடலில் கேட்டீர்கள். போதாது. அந்த அம்மாவுக்குப் பதினான்கு வினாடிகளும் போதுமா என்பது ஐயமே. வேகமாகப் படிப்பவருக்கோ எட்டு வினாடிகள் சலிப்பு. மேலும் சுற்று நாற்பது வினாடிகளாக நீள்வதால், தவறவிட்டவரின் காத்திருப்பு முப்பத்திரண்டு வினாடிகளாக இரட்டிக்கும். எல்லோருக்கும் பொருந்தும் வேகம் என்று ஒன்று இல்லை.

நிரல் மாற்றம் அரை நாள் வேலை. அறிவிப்பு வரியை யார் எழுதுவது, காலாவதியானதும் யார் எடுப்பது என்பதைக் குழுவே முடிவு செய்ய வேண்டும்; எடைப் பதிவேட்டைப் பார்க்கும் எழுத்தரிடம் இந்தப் பொறுப்பைத் தரலாம், ஏனெனில் நாள் மாறுவது அவருக்குத்தான் முதலில் தெரியும். மாற்றம் செய்த பிறகு அடுத்த சரக்கு எடுக்கும் நாளுக்கு முன்தினம் வருகிறேன். அதே ஏழு பேரிடம், அதே கேள்வியை, அவரவர் போனிலேயே கேட்டு, விடை சொல்ல எடுத்த நேரத்தைக் குறித்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
இணையதள ஆய்வாளர், கம்பம்