பல்லார்ஷா தாண்டியதும்

ரயில் பல்லார்ஷா தாண்டி அரை மணி நேரத்தில் முருகேசனின் பையன் இரண்டாம் முறை வாந்தி எடுத்தான். ஆறு வயது. தாகமென்று அழுதவனுக்கு அவர் ஒரு டம்ளர் தண்ணீரை மொத்தமாகக் கொடுத்துவிட்டார். அதுவும் அப்படியே வெளியே வந்தது.

"ஒரேயடியா குடுக்காதீங்க தம்பி. பத்து நிமிஷம் வயித்தைச் சும்மா விடுங்க," என்றார் எதிர் பெர்த் அம்மா.

முருகேசன் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் முழுவதையும் கொட்டிக் கலக்கினார். கண்ணளவில் தண்ணீரைக் குறைத்தால் உப்பு கூடிவிடும். பையனை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். பத்து நிமிடம் கழித்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன்.

வாந்தியில் பச்சையோ ரத்தமோ இல்லை. நாக்கு ஈரமாகத்தான் இருந்தது. ஆனால் காலையிலிருந்து ஒண்ணுக்குப் போகவில்லை, அதுதான் உறுத்தியது. நாக்பூருக்கு இன்னும் இரண்டரை மணி நேரம். சங்கிலியை இழுத்தால் ரயில் நடுக்காட்டில் நிற்கும். அங்கே டாக்டர் ஏது? ரயில்வே உதவி எண் 139-ஐ அழைத்து பி.என்.ஆர்., பெட்டி, பெர்த், பையன் வயது, எத்தனை வாந்தி எல்லாம் சொன்னார். நாக்பூர் பிளாட்பாரத்துக்கு டாக்டரை வரச்சொல்வதாகச் சொன்னார்கள்.

பதினைந்தாவது ஸ்பூனில், "அப்பா, ஒண்ணுக்கு."

தூக்கிக்கொண்டு ஓடினார். அடர் மஞ்சளாக, கொஞ்சம்தான். டாக்டர் வரட்டும் என்றே விட்டுவிட்டார். ஸ்பூனைக் கழுவிவந்து மறுபடி உட்கார்ந்தார்.