நெஞ்சுச் சளியை வெளியேற்றும் முறை: மூச்சுக்குழாய் விரிவு நோய் உள்ள உங்களுக்கான வீட்டுக் கையேடு

முக்கூடலில் பீடி சுற்றும் தொழில் செய்துவரும், 52 வயதான உங்களுக்கென்றே இந்தக் கையேடு எழுதப்பட்டுள்ளது. உங்களுடன் வீட்டில் இருக்கும் மகளும் இதை ஒருமுறை முழுமையாகப் படித்துவிட வேண்டும். முதல் சில நாள்களுக்கு அவர் அருகில் இருந்து வாசித்துச் சொல்ல, நீங்கள் செய்வது நல்லது.

பல ஆண்டுகளுக்கு முன் உங்களுக்கு வந்த காசநோய் மருந்தால் குணமாகிவிட்டது. ஆனால், அது விட்டுச்சென்ற தழும்பால் இடது நுரையீரலின் கீழ்ப்பகுதியிலும், இதயத்தை ஒட்டியுள்ள முன்பகுதியிலும் மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்துவிட்டன என்பது சி.டி. ஸ்கேனில் தெரிகிறது. இதைத்தான் மருத்துவர் பிராங்கியெக்டேசிஸ் என்றார். இயல்பான மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள நுண்ணிய மயிரிழைகள் சளியை ஓயாமல் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். விரிந்த குழாயில் அந்த வேலை சரிவர நடப்பதில்லை என்பதால், சளி அங்கேயே தேங்கி, கிருமி வளர்ந்து, குழாய் மேலும் கெட்டு, மறுபடியும் சளி கூடுகிறது. மயிரிழைகள் விட்டுவிட்ட வேலையை நாள்தோறும் நீங்கள் மூச்சைக் கொண்டு செய்ய வேண்டும். சளி குறைந்திருக்கும் நல்ல நாள்களிலும் இதை விட்டுவிடாமல் செய்வதுதான் இந்தச் சிகிச்சையின் உயிர்நாடி.

தொடங்குவதற்கு முன்

காலையில் பல் துலக்கியதும், காலை உணவுக்கு முன்பாக ஒரு முறையும், மாலையில் இரவு உணவுக்கு முன்பாக ஒரு முறையும் செய்யுங்கள். சாப்பிட்டுவிட்டால் குறைந்தது ஒன்றரை மணி நேரமாவது கழிய வேண்டும். படுக்கப்போகும் நேரத்துக்குத் தள்ளிப்போட வேண்டாம். சளி கிளம்பிய பிறகு சிறிது நேரம் இருமல் தொடரும் என்பதால் தூக்கம் கெடும். நீல நிற இன்ஹேலரை, மருத்துவர் எழுதிக் கொடுத்துள்ள அளவில், ஸ்பேசர் வழியாக 15 நிமிடங்களுக்கு முன்பே எடுத்துக்கொண்டு, ஒரு தம்ளர் வெந்நீர் குடியுங்கள். நாள் முழுவதும் தாராளமாகத் தண்ணீர் குடித்தால் சளி இளகி எளிதில் வரும். சிறுநீரகம் அல்லது இதயக் கோளாறுக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் அந்த அளவை மீறக் கூடாது.

மூடியுள்ள ஒரு தெளிவான பிளாஸ்டிக் கிண்ணத்தை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். சளியின் நிறமும் அளவும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முடித்தபின் அதைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டு, கிண்ணத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவையுங்கள். வந்த சளியை விழுங்க வேண்டாம், வாசலிலும் துப்ப வேண்டாம்.

படுக்கும் நிலைகள்

விரிந்த குழாய் மேலே இருக்கும்படி படுத்தால், தேங்கிய சளி தன் எடையால் பெரிய குழாயை நோக்கி இறங்கும். உங்களுக்குப் பாதிப்பு இடப்பக்கம் என்பதால் இரு நிலைகள் போதும்.

முதல் நிலையில், நல்ல பலகைக் கட்டிலிலோ தரையில் விரித்த பாயிலோ வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுங்கள். கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்ந்துவிடும் என்பதால் இதற்கு ஏற்றதல்ல. தலைக்கு ஒரே ஒரு தலையணை வைத்து, முழங்கால்களைச் சற்று மடக்கி, இடது உள்ளங்கையை இடப்பக்கக் கீழ் விலா எலும்புகளின் மேல் வையுங்கள். சில நாள்களில், அந்தக் கைக்கு அடியில் சளி கரகரவென்று அதிர்வதை நீங்களே உணர்வீர்கள். அது தெரியும் இடத்தில்தான் வேலை இருக்கிறது.

இரண்டாம் நிலையில் மல்லாந்து படுத்து, இடது தோளிலிருந்து இடுப்பு வரை முதுகுக்கு அடியில் ஒரு தலையணையைச் செருகி, உடலைக் கால்வாசி வலப்பக்கமாகத் திருப்பிக்கொள்ளுங்கள். நுரையீரலின் முன்பகுதிச் சளி இறங்குவதற்கு இந்த நிலை உதவும்.

ஒவ்வொரு நிலையிலும் சுமார் 10 நிமிடங்கள் இருக்கலாம். மொத்தம் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். களைப்பு மிகுதியாக இருந்தால் காலையில் ஒரு நிலையும் மாலையில் மற்றொன்றும் செய்யுங்கள். கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தி, தலை தாழும்படி படுக்கச் சொல்லி அக்கம்பக்கத்தில் யாராவது அறிவுரை தரக்கூடும். உங்களுக்கு நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் இருப்பதால், தலை தாழ்ந்தால் வயிற்று அமிலம் மேலேறி மூச்சுக்குழாயில் இறங்கி நோயைப் பெரிதாக்கும். ஆகவே, கட்டில் சமமாகவே இருக்கட்டும். முதுகில் ஓங்கித் தட்டச் சொல்லி வீட்டாரைக் கேட்கவும் வேண்டாம். இங்கே கற்றுத்தந்த மூச்சுப் பயிற்சி அந்த வேலையை வலியில்லாமல் செய்துவிடும். பயணத்திலோ திருமண வீட்டிலோ படுக்க இடமில்லாவிட்டால், நாற்காலியில் சற்று முன்சாய்ந்து உட்கார்ந்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றிக்கொண்டு செய்யலாம்.

மூச்சுச் சுற்று

படுத்தவுடன் முதலில் ஒரு நிமிடம் மெதுவாக, வயிறு மட்டும் ஏறி இறங்கும்படி, தோள்களைத் தளர்த்தி மூச்சு விடுங்கள். பிறகு மூக்கு வழியாக ஆழமாக மூச்சிழுத்து, விலாவின் மேல் வைத்த கை வெளியே தள்ளப்படுவதைக் கவனித்து, மனத்துக்குள் மூன்று எண்ணும்வரை அடக்கி, முயற்சியின்றி வெளியே விடுங்கள். அடக்கும் அந்த நேரத்தில் காற்று பக்கத்துக் குழாய்கள் வழியாகச் சளிக்குப் பின்னால் புகுந்துகொள்கிறது. அந்தக் காற்றுதான் பிறகு சளியை வெளியே தள்ளப்போகிறது. இப்படி மூன்று அல்லது நான்கு முறை போதும், அதற்கு மேல் தொடர்ந்தால் தலை சுற்றும். மறுபடியும் மெதுவான மூச்சுக்குத் திரும்பி இளைப்பாறுங்கள்.

ஹஃப் செய்யும் முறை

இந்தக் கையேட்டில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஹஃப் என்பது தொண்டையைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, வயிற்றுத் தசையின் அழுத்தத்தால் காற்றை வெளியே தள்ளுவது. மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதற்கு முன் அதன்மேல் வாயைத் திறந்து ஆவி படர ஊதுகிறோமே, அதே "ஹா"தான். அதைவிடச் சற்று நீளமாகவும் வலுவாகவும் இருக்க வேண்டும். வாயும் தொண்டையும் குறுகாதிருக்க, கெட்டித் தாள் ஒன்றைப் பெருவிரல் நுழையும் அளவுக்குக் குழாயாகச் சுருட்டி, பற்களுக்கு நடுவே வைத்து அதன் வழியாக ஊதிப் பழகலாம்.

முதலில், பாதி அளவுக்கு மட்டும் மூச்சிழுத்து, ஒரே சீராக, நெஞ்சு காலியாகும் வரை நீளமாக ஹஃப் செய்யுங்கள். உள்ளே இருக்கும் சிறு குழாய்களின் சளியை இதுவே நகர்த்தும். சளி மேலே ஏறியதும் கரகரப்பு தொண்டைக்குச் சற்றுக் கீழே கேட்கும். அப்போது நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, குறுகிய நேரத்தில், வேகமாக ஒரு ஹஃப் செய்தால் சளி வாய்க்கு வந்துவிடும். வராவிட்டால் ஒரே ஒரு முறை இருமித் துப்புங்கள். ஒரு தடவைக்கு ஒன்று அல்லது இரண்டு ஹஃப்கள்தாம். பிறகு கட்டாயமாக மெதுவான மூச்சுக்குத் திரும்ப வேண்டும். இந்த இளைப்பாறலைத் தவிர்த்தால் மூச்சுக்குழாய் இறுகி இழுப்பு வரலாம்.

பலரும் கண் சிவக்க, நரம்பு புடைக்க இருமினால்தான் சளி வரும் என்று நம்புகிறார்கள். விரிந்த குழாயின் சுவர் தளர்ந்தது. கடுமையாக இருமும்போது அது ஒட்டி மூடிக்கொள்வதால், சளி உள்ளேயே சிக்கி, உடம்புதான் ஓய்ந்துபோகிறது. ஹஃப் செய்யும்போது தொண்டை எரிந்தாலோ, உறுமுவதுபோல் ஒலி வந்தாலோ, தொண்டை மூடியிருக்கிறது என்று பொருள். வாயை இன்னும் அகலத் திறந்து மெதுவாகச் செய்யுங்கள்.

ஹஃப் செய்கையில் சிறுநீர் கசிவதாகச் சொல்லக் கூச்சப்பட்டு, பயிற்சியையே நிறுத்திவிடும் பெண்கள் உண்டு. அப்படி இருந்தால், ஹஃப் செய்வதற்குச் சற்று முன்பாகவே சிறுநீரை அடக்குவதுபோல் அடிவயிற்றுக்குக் கீழுள்ள தசைகளை இறுக்கிக்கொண்டு செய்யுங்கள். அதோடு எங்களிடமும் சொல்லுங்கள். அதற்கும் பயிற்சி இருக்கிறது.

மெதுவான மூச்சு, ஆழ்ந்த மூச்சு, மெதுவான மூச்சு, ஹஃப் என்ற இந்தச் சுற்றை, அடுத்தடுத்த இரு சுற்றுகளில் ஹஃப் கரகரப்பின்றி வறண்டு ஒலிக்கும் வரை செய்துவிட்டு நிறுத்தலாம். உறிஞ்சும் ஸ்டீராய்டு இன்ஹேலரைச் சளி வெளியேறிய பிறகு எடுத்து, வாய் கொப்பளித்துவிடுங்கள்.

பீடித்தூள் பறக்கும் அறையில் இந்தப் பயிற்சியைச் செய்ய வேண்டாம். முறத்தை மடியில் வைத்துக் குனிந்தே இருப்பதால் நெஞ்சு விரிவது குறைகிறது என்பதால், வேலையின் நடுவில் மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்து, நான்கு ஆழ்ந்த மூச்சு எடுங்கள். வேலை நேரத்தில் முகக்கவசம் அணியுங்கள். தினமும் நடைப்பயிற்சியும் சளியை இளக்கும். ஆண்டுதோறும் போடும் ஃபுளூ தடுப்பூசி பற்றியும் நிமோனியா தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

மருத்துவரை எப்போது பார்க்க வேண்டும்

உங்கள் வழக்கமான சளி எவ்வளவு, என்ன நிறம் என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். இருமல் கூடுதல், சளியின் அளவோ கெட்டித்தன்மையோ மாறுதல், சளி பச்சையாகவோ அடர்மஞ்சளாகவோ மாறுதல், வழக்கத்தைவிட மூச்சு வாங்குதல், சோர்வு, சளியில் இரத்தம் ஆகியவற்றில் மூன்று சேர்ந்து இரண்டு நாள்கள் நீடித்தால், அல்லது காய்ச்சல் வந்தால், தாமதிக்காமல் வாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களில் சாதாரணச் சளிதான் என்று ஒரு வாரம் பொறுத்திருக்க வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டோ, சென்ற முறை மீந்ததிலிருந்து எடுத்தோ ஆன்டிபயாட்டிக் சாப்பிடவும் வேண்டாம். முதல் மாத்திரைக்கு முன்பே சளி மாதிரியைப் பரிசோதனைக்குக் கொடுத்தால்தான் எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து என்பது தெளிவாகத் தெரியும்.

மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல் இருந்தால், பழைய காசநோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சளிப் பரிசோதனைக்கு இலவசமாக ஏற்பாடு செய்து தருவார்கள்.

சளியில் இரத்தக் கோடு தென்பட்டால், அன்று படுக்கும் நிலைகளையும் ஹஃபையும் நிறுத்திவிட்டு, மெதுவான மூச்சு மட்டும் விட்டு, அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள். ஒரு தேக்கரண்டிக்கு மேல் இரத்தம் வந்தாலோ, சளியே இல்லாமல் தனி இரத்தமாக வந்தாலோ, உடனே 108-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை இடப்பக்கமாகப் படுத்திருங்கள். நோயுள்ள பக்கம் கீழே இருந்தால் இரத்தம் நல்ல நுரையீரலுக்குள் போகாது. இந்த ஒரு வேளையில் மட்டும் படுக்கும் பக்கம் மாறுகிறது என்பதை மகளும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாதபடி மூச்சுத் திணறினாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், திடீரென நெஞ்சுவலி வந்தாலும், பேச்சில் குழப்பமோ அளவுக்கு மீறிய தூக்கமோ இருந்தாலும், விரலில் மாட்டும் கருவியில் உங்கள் வழக்கமான 96 என்ற ஆக்சிஜன் அளவு 92-க்குக் கீழே இறங்கினாலும், 108-ஐ அழைத்து, பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

இவை எதுவும் இல்லாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனைக்கு வர வேண்டும். வரும்போது இன்ஹேலர், ஸ்பேசர், சி.டி. ஸ்கேன் உறை, அன்று காலைச் சளி ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். உங்கள் ஹஃபை ஒருமுறை எங்கள் முன் செய்துகாட்டினால், திருத்த வேண்டியது இருந்தால் அங்கேயே திருத்திவிடலாம்.