உடுப்பைத் தரும்போது கறையையும் சொல்லித் தாருங்கள்

நல்லூரில் கொடியேற இன்னும் மூன்று கிழமைகளே இருக்கும் இவ்வேளையில், பட்டுச் சேலைகளும் வேட்டி சால்வைகளும் அலுமாரிகளை விட்டு வெளியே வரத் தொடங்கிவிட்டன. வீட்டுக்கே வந்து உடுப்புகளைப் பெற்று, தோய்த்தோ உலர் சலவை செய்தோ, மினுக்கி மடித்து வீட்டிலேயே ஒப்படைக்கும் எங்கள் சேவை, யாழ்ப்பாண நகரம், நல்லூர், திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில், அரியாலை, கொழும்புத்துறை ஆகிய இடங்களில் போயா தினங்கள் தவிர்ந்த எல்லா நாட்களிலும் நடைபெறுகின்றது. முதல் நாள் இரவு 8 மணிக்குள் உட்பெட்டியில் முகவரியை அறிவித்தால், மறுநாள் காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் எமது முச்சக்கரவண்டி உங்கள் படலைக்கு வரும். கூலி 2,500 ரூபாவுக்கு மேற்பட்டால் போக்குவரத்துக்குப் பணம் அறவிடுவதில்லை. குறைந்தால் 200 ரூபா சேரும்.

சேட்டு, நீளக்காற்சட்டை, பருத்தி வேட்டி, படுக்கை விரிப்பு போன்றவை எடுத்த நாளிலிருந்து இரண்டாம் நாள் மாலையில் திரும்பி வரும். உலர் சலவைக்குரிய கோட்டு, பட்டுச் சேலை முதலியவற்றுக்கு ஐந்து நாட்களும், கூறைச் சேலைக்கு ஏழு நாட்களும் தேவை. விமானப் பயணம் கிட்டிவிட்டது என்று வெளிநாட்டிலிருந்து வந்து நிற்பவர்கள் அவசரப்படுவது எமக்குப் புரிகின்றது. ஆதலால் தோய்க்கும் உடுப்புகளை அரைப்பங்கு மேலதிகக் கூலியுடன் 24 மணித்தியாலத்தில் தருகின்றோம். பட்டுக்கு மட்டும் அவசரச் சேவை கிடையாது. எவ்வளவு கேட்டாலும் கிடையாது.

இனிக் கறை பற்றிய எங்கள் நடைமுறை. உடுப்பை எடுக்கும்போதே உங்கள் முன்னிலையில் விரித்துப் பார்த்து, கறை, கிழிசல், கழன்ற பொத்தான் ஆகியவற்றைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கையொப்பம் பெறுவோம். கறை எதனால், எப்போது பட்டது, வீட்டில் அதற்கு என்ன பூசினீர்கள் என்ற மூன்றையும் மறைக்காமல் சொல்வது மிக அவசியம். இரத்தம், பால், முட்டை ஆகியவற்றின் கறை குளிர்ந்த நீரில் இளகும், சுடுநீரில் இறுகிவிடும். மஞ்சட்கறையின் மீது சவர்க்காரம் பட்டால் அது சிவந்து பயமுறுத்தும். ஆனால் வெயில் அதை வெளிறச் செய்யும். துருக்கறைக்குக் குளோரின் வெளிற்றி ஊற்றுவது அதை மேலும் ஊன்றச் செய்யும் வேலை. பட்டிலும் கம்பளியிலும் அதே வெளிற்றி பட்டால் இழையே அரிக்கப்பட்டுவிடும். அதன் பின்னர் எம்மிடம் கொண்டுவருவதற்கு எதுவும் மிஞ்சாது. எந்தக் கறையின் மீதும் மினுக்கியைச் சூட்டுடன் வைத்துவிடாதீர்கள்.

எல்லாக் கறையையும் போக்குவோம் என்று நாங்கள் வாக்களிப்பதில்லை. வாழைக்கயர் பட்டு நாட்பட்ட வேட்டி, பழைய வெற்றிலைச் சாற்றுக் கறை, சாயமே மங்கிய இடம் ஆகியவற்றில் பெரும்பாலும் ஓரளவு மட்டுமே குறைக்க இயலும். அத்தகைய உடுப்பில் முதலில் உள்மடிப்பில் ஒரு மூலையைச் சோதித்து, துணி தாங்காது என்று கண்டால் உங்களிடம் கேட்காமல் மேலே செல்லமாட்டோம். முயன்றும் கறை போகாவிட்டால், கறை நீக்குவதற்கான தனிக்கூலி அறவிடப்படாது. சலவைக் கூலி மட்டும் செலுத்தினால் போதும். எங்கள் தவறால் உடுப்பு பழுதடைந்தாலோ தொலைந்தாலோ, அந்த உடுப்பின் சலவைக் கூலியைப் போல் பத்து மடங்கு வரை ஈடு வழங்கப்படும். அதற்கு உடுப்பு கிடைத்து 48 மணித்தியாலத்துக்குள் பற்றுச்சீட்டுடன் அறிவிக்க வேண்டும். சரிகை கறுப்பது, கண்ணாடி மணிகளும் ஒட்டுவேலையும் உதிர்வது ஆகியவற்றுக்கு நாங்கள் பொறுப்பேற்க இயலாது என்பதை எடுக்கும்போதே சொல்லிவிடுவோம். சட்டைப்பையில் விட்ட பணம் கண்டெடுக்கப்பட்டால் உறையிலிட்டுத் திருப்பித் தரப்படும். பேனாவை மறந்துவிட்டால், அதன் மை அடுத்தவர் வேட்டியிலும் ஏறும் என்பதால் தயவுசெய்து ஒருமுறை பைகளைத் தட்டிப் பாருங்கள்.

எமது சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுநீரில் சவர்க்காரம் நுரைப்பது அரிது என்பதும், வெள்ளை உடுப்பு நாளடைவில் மங்கிச் சொரசொரப்பாவது அதனால்தான் என்பதும் இங்குள்ள வீடுகளுக்குத் தெரிந்த செய்தியே. பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்த காலத்தை இன்னமும் நினைவுகூரும் அம்மம்மாக்கள் இருக்கும் ஊர் இது. நாங்கள் நீரை மென்மையாக்கிய பின்னரே தோய்க்கின்றோம். வெள்ளையையும் சாய உடுப்பையும் ஒருபோதும் ஒன்றாகப் போடுவதில்லை.

திருவிழாவின் 25 நாட்களிலும் உடுப்புகள் குவிவதால், கொடியேற்றத்துக்குக் கட்ட வேண்டிய பட்டுகளை அதற்கு எட்டு நாட்களுக்கு முன்னரும், தேர், தீர்த்தத்துக்குரியவற்றைத் தேருக்குப் பத்து நாட்களுக்கு முன்னரும் தந்துவிடுங்கள். திருநீறும் சந்தனமும் பட்ட உடுப்பை மடித்து வைக்காமல், உதறிவிட்டு அப்படியே கொடுத்தால் எங்கள் வேலை பாதியாகும்.